பிபிஎஃப் வட்டியைச் சொல்ல 1500 சொற்கள் எதற்கு? கட்டுரை நீளத்தை முடிவு செய்ய மூன்று வழிகள்

பிபிஎஃப்புக்கு இப்போது என்ன வட்டி என்று தேடி வருகிறவருக்கு வேண்டியது ஒரே ஓர் எண். அவர் திறக்கும் பக்கத்திலோ சேமிப்பின் அருமை பற்றி இரண்டு பத்தி, பொது சேமநல நிதி என்றால் என்ன என்று ஒரு விளக்கம், அப்புறம் அதன் நன்மைகள், இதையெல்லாம் தாண்டித்தான் 7.1 சதவீதம் என்ற விடை வருகிறது. எழுதியவருக்கு விஷயம் தெரியாமல் இல்லை. '1500 சொல்லுக்குக் குறையக் கூடாது' என்று அவரிடம் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான்.

ஒரு கட்டுரை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. எல்லாக் கட்டுரைக்கும் ஒரே எண்ணை வைப்பது ஒன்று. கூகுளில் முதல் பத்து இடங்களில் வரும் பக்கங்களின் சராசரி நீளத்தைப் பிடித்துக்கொள்வது இன்னொன்று. தேடுபவர் எந்த வகைக் கேள்வியோடு வருகிறார் என்று பார்த்து நீளத்தை அதன் போக்கில் விடுவது மூன்றாவது. என் ஓட்டு மூன்றாவதற்குத்தான். ஆனால் மற்ற இரண்டும் இத்தனை நாள் நிலைத்து நிற்பதற்கும் காரணம் இருக்கிறது. மூன்றையும் பிபிஎஃப் என்ற ஒரே விஷயத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் ஒரே எண்

2011இல் கூகுள் தன் தேடல் வரிசைமுறையில் கொண்டுவந்த பாண்டா என்ற மாற்றத்தில், சரக்கே இல்லாத பக்கங்களைக் குவித்து வைத்திருந்த தளங்கள் பலமாக அடிவாங்கின. அடிபட்ட பக்கங்களில் பல குட்டையானவை. அதனால் நீளமாக எழுதினால் பத்திரம் என்ற முடிவுக்குப் பலர் வந்துவிட்டார்கள். பிறகு பேக்லிங்கோ என்ற தளம் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. முதல் பக்கத்தில் வரும் முடிவுகளின் சராசரி நீளம் 1,890 சொற்கள் என்றது அது. அதே தளம் 2020இல் மறுபடி எண்ணியபோது 1,447 வந்தது. எழுத்தாளர்களுக்கு இன்று சொல்லப்படும் '1500' கிட்டத்தட்ட இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது.

அந்தச் சராசரி பொய்யல்ல. ஆனால் முதல் பக்கத்தில் இருப்பதற்கு நீளம்தான் காரணம் என்று அது காட்டவில்லை. பழைய, பெரிய, நிறைய பேர் இணைப்புக் கொடுக்கும் தளங்கள் விரிவாகவும் எழுதுகின்றன. அவை மேலே வருவது நீளத்தாலா, பெயராலா என்று சராசரியை வைத்துச் சொல்ல முடியாது. கூகுளே தன் வழிகாட்டிப் பக்கத்தில் இதை நேராகக் கேட்டு நேராகப் பதில் சொல்கிறது: கூகுளுக்குப் பிடித்த சொல் எண்ணிக்கை ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டு அதற்காக எழுதுகிறீர்களா? அப்படி ஒன்று எங்களிடம் இல்லை.

அப்புறம் ஏன் இந்த வழி சாகவில்லை? சம்பளக் கணக்குக்கு வசதி, அதுதான். சொல்லுக்கு இத்தனை பைசா என்று பேசிவிட்டால் மாதச் செலவு முன்கூட்டியே தெரியும், எழுதுபவருக்கும் வருமானம் தெரியும். ஆனால் எழுதுபவர் எதற்குக் காசு வாங்குகிறாரோ அதைத்தான் நிறைய செய்வார். தமிழில் இது இன்னும் வேடிக்கை. 'செலுத்திக்கொண்டிருக்கிறார்' என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல். 'செலுத்திக் கொண்டு இருக்கிறார்' என்று பிரித்தால் மூன்று. இப்படிப் பிரித்து எழுதினாலே வருமானம் ஏறுகிறது, வாசகருக்கு ஒரு தகவல்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்களாக வருபவை தமிழில் வேற்றுமை உருபாகவும் துணைவினையாகவும் ஒட்டிக்கொள்வதால், ஆங்கிலப் பக்கங்களை எண்ணிக் கிடைத்த 1500ஐ அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால், அங்கே எழுதுபவரைவிட இங்கே எழுதுபவர் கணிசமாக அதிகச் சரக்கு தேட வேண்டியிருக்கிறது. அச்சுப் பத்திரிகையில் பக்கத்துக்கு அளவு உண்டு, அங்கே நிலையான எண் நியாயம். திரையில் அந்தக் கட்டாயம் இல்லை.

முதல் பத்தின் சராசரி

இது முதல் வழியைவிடத் தேவலை. ஒவ்வொரு தேடலுக்கும் தனித்தனியாகப் பார்க்கிறது என்பதே பெரிய முன்னேற்றம். தேடலைக் கொடுத்தால் போட்டிப் பக்கங்களை எண்ணி 'நீங்கள் 1,700 சொல் எழுதுங்கள்' என்று சொல்லும் கருவிகள் பல இருக்கின்றன.

சிக்கல் அந்த 1,700 எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. உதாரணத்துக்கு, முதல் பத்தில் பாதி 400 சொல்லில் முடியும் வங்கிப் பக்கங்கள், மீதி 3,000 சொல் ஓடும் நிதித் தளங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 1,700. ஆனால் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட 1,700 சொல் எழுதவில்லை. வங்கிப் பக்கம் ஒரு தேவையைத் தீர்க்கிறது, நீளமான பக்கம் வேறொரு தேவையைத் தீர்க்கிறது. நடுவில் விழும் கட்டுரை இரண்டையும் அரைகுறையாகச் செய்யும். சில கருவிகள் பக்கத்தின் பட்டி, கருத்துரைகள், 'இதையும் படியுங்கள்' பெட்டி எல்லாவற்றையும் சேர்த்து எண்ணிவிடுகின்றன என்பது தனிக் கதை.

தமிழ்த் தேடல்களில் இந்தச் சராசரி இன்னும் பலவீனம். பத்து இடங்களில் சில காணொளிகள், சில நாளிதழ்ச் செய்திகள், இடையில் ஆங்கிலப் பக்கம் ஒன்றிரண்டு என்று வரும்போது எதை எண்ணி எதைச் சராசரி போடுவது? தவிர, எல்லோரும் எல்லோரையும் பார்த்து எழுதினால் ஒருவர் போட்ட வெற்றுப் பத்தி மற்றவர்களுக்கு இலக்காகிவிடும்.

முதல் பத்தைப் பார்ப்பதே வீண் என்று சொல்லவில்லை. நீளத்தை விட்டுவிட்டு அங்கே என்ன மாதிரிப் பக்கங்கள் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பிபிஎஃப் கால்குலேட்டர் என்று தேடினால் வரும் பக்கங்களின் மேல்பகுதியில் எண்ணைப் போட்டால் கணக்குச் சொல்லும் பெட்டிதான் இருக்கும். அங்கே 2,000 சொல் கட்டுரையோடு போய் நிற்பதில் பயனில்லை.

கேள்வியின் வகை

ஆந்திரே பிரோடர் என்ற ஆய்வாளர் 2002இல் தேடல்களை மூன்றாகப் பிரித்தார்: ஒன்றைத் தெரிந்துகொள்ள, ஒரு குறிப்பிட்ட தளத்துக்குப் போக, ஒரு காரியத்தை முடிக்க. தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிடும் ஆட்களுக்கு கூகுள் தரும் கையேடு இதை இன்னும் நுணுக்கமாக்குகிறது. அதில் தெரிந்துகொள்ளும் தேடல்களுக்குள்ளேயே ஓரிரு வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய எளிய கேள்வி என்று ஒரு தனிப்பிரிவு உண்டு. நீளத்தை முடிவு செய்ய நமக்கு அதிகம் உதவுவது இந்தக் கடைசிப் பிரிவுதான்.

பிபிஎஃப் வட்டி விகிதம் அப்படி ஒரு கேள்வி. 2020 மார்ச் வரை 7.9 சதவீதமாக இருந்தது ஏப்ரலில் 7.1 ஆனது. அதன்பின் 2025 முடியும்வரை காலாண்டுக்குக் காலாண்டு அதையே நீட்டித்தார்கள். முதல் வரியில் எண், இரண்டாம் வரியில் அது எந்தக் காலாண்டுக்கு என்பது, கீழே பழைய விகிதங்களின் அட்டவணை, அடுத்த அறிவிப்பு எப்போது என்ற குறிப்பு. 150 முதல் 200 சொல்லில் பக்கம் முடிந்துவிடும். இந்தப் பக்கத்தின் உழைப்பு எழுதுவதில் இல்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து தேதியைச் சரிபார்ப்பதில் இருக்கிறது. நீளத்தைப் பற்றிப் பேசுபவர்கள் அதிகம் சொல்லாத செலவு இது. வட்டிப் பக்கத்தில் 1500 சொல்லை நிரப்புவதற்காக வரிச்சலுகை பற்றி இரண்டு பத்தி போட்டீர்கள் என்றால், 2023இல் புதிய வரிமுறை இயல்பான முறையாக மாறியபோது அந்தப் பத்திகளையும் திருத்தியிருக்க வேண்டும். புதிய முறையில் 80சி கழிவு கிடையாது. திருத்தாமல் விட்ட பக்கம் இன்னும் எல்லோருக்கும் 80சி உண்டு என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

இந்த வகையில் இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். எண்ணை கூகுள் தன் முடிவுப் பக்கத்திலேயே காட்டிவிட்டால் பாதிப் பேர் உள்ளே வரவே மாட்டார்கள். 200 சொல் எழுதினாலும் 2,000 எழுதினாலும் அது மாறாது.

அடுத்த வகை, ஒரே விஷயத்தை விளக்கக் கேட்பது. பிபிஎஃப் பணத்தை ஏன் 5ஆம் தேதிக்குள் கட்டச் சொல்கிறார்கள்? ஒரு மாதத்தின் 5ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் அந்த மாதத்தின் வட்டி என்பது விதி. இதை ஒரு வரியில் சொன்னால் புரியாது, கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். ஏப்ரல் 5ஆம் தேதி ஒன்றரை லட்சம் கட்டியவருக்கு அந்தத் தொகைக்கு ஏப்ரல் மாத வட்டியும் உண்டு. 6ஆம் தேதி கட்டியவருக்கு இல்லை. இழப்பு 1,50,000ஐ 7.1 சதவீதத்தால் பெருக்கி 12ஆல் வகுத்தது, அதாவது 887 ரூபாய் 50 காசு. மாதாமாதம் கட்டுபவருக்கு என்ன ஆகும் என்று இன்னொரு கணக்கையும் சேர்த்தால் 350 சொல் ஆகும். அதற்கு மேல் எழுதினால் வேறு கேள்விக்குள் நுழைகிறீர்கள்.

கணக்குத் தொடங்குவது எப்படி என்பது காரியக் கேள்வி. இதன் நீளத்தை விஷயத்தின் ஆழம் தீர்மானிப்பதில்லை, வழி எத்தனை கிளையாகப் பிரிகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. தபால் நிலையத்துக்குப் போகிறவர், வங்கிக் கிளைக்குப் போகிறவர், வீட்டிலிருந்தே நெட் பேங்கிங்கில் தொடங்குகிறவர் என்று மூன்று கிளை. படிவம் 1, ஆதார், பான், புகைப்படம், நியமனதாரர் விவரம் என்பவை பொது. வெளிநாட்டில் வசிப்பவர் புதிதாகத் தொடங்க முடியாது என்ற எச்சரிக்கையை மேலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் துபாயில் இருப்பவர் கடைசிப் படிவரை படித்துவிட்டு ஏமாறுவார். 600, 700 சொல் வரும். பிபிஎஃப்பின் பெருமை பற்றிய முன்னுரை இங்கே ஒரு வரிகூடத் தேவையில்லை. தொடங்குவது என்று முடிவு செய்துவிட்டுத்தானே வந்திருக்கிறார்.

நீளம் எங்கே நியாயம்

பெண் குழந்தை இருக்கும் வீட்டில் அடிக்கடி வரும் கேள்வி: பிபிஎஃப் போடலாமா, செல்வமகள் திட்டத்தில் போடலாமா? இது முடிவெடுக்கும் கேள்வி. இதற்கு 400 சொல்லில் பதில் எழுதினால் 8.2 பெரியதா 7.1 பெரியதா என்பதைத்தான் சொல்ல முடியும். அது ஒன்றாம் வகுப்புக் கணக்கு. 2024 ஜனவரியிலிருந்து செல்வமகளுக்கு 8.2 என்பது தெரிந்த பிறகும் வாசகர் முடிவெடுக்க முடியாமல்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ஒன்பது வயதுப் பெண்ணின் அப்பா என்று எடுத்துக்கொள்வோம். செல்வமகள் கணக்கைப் பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும், ஆக அவருக்கு அவகாசம் குறைவு. தொடங்கினால் 15 ஆண்டு கட்ட வேண்டும், 21 ஆண்டில் முதிர்வு. அதாவது பெண்ணுக்கு முப்பது வயதில். பிபிஎஃப் 15 நிதியாண்டில் முடியும், பெண்ணுக்கு சுமார் 24 வயதில். இதைப் பார்த்ததும் படிப்புச் செலவுக்கு பிபிஎஃப்தான் வசதி என்று தோன்றும், பல கட்டுரைகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. ஆனால் கல்லூரியில் சேரும் 18 வயதில் எவ்வளவு எடுக்கலாம் என்று பார்த்தால் கதை மாறுகிறது. செல்வமகளில் முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் பாதிவரை படிப்புக்கு எடுக்கலாம். பிபிஎஃப்பில் ஏழாம் ஆண்டிலிருந்தே எடுக்க முடியும் என்றாலும், நான்கு ஆண்டுக்கு முந்தைய இருப்பில் பாதி, போன ஆண்டு இருப்பில் பாதி, இந்த இரண்டில் எது குறைவோ அதுதான். ஒரே அளவு பணம் கட்டி வந்தவருக்கு 18 வயதில் கையில் அதிகம் வருவது செல்வமகளிலிருந்து.

இன்னும் கேள்விகள் தொடரும். இரண்டிலும் தலா ஒன்றரை லட்சம் கட்டலாமா? கட்டலாம், ஆனால் பழைய வரிமுறையில் 80சி கழிவு இரண்டுக்கும் சேர்த்தே ஒன்றரை லட்சம். பெண்ணின் பெயரில் பிபிஎஃப் தொடங்கினால் அதற்கு தனி வரம்பா? இல்லை, அப்பாவின் கணக்கோடு சேர்த்துத்தான். 18 வயதுக்குப் பிறகு கணக்கு யார் கையில்? செல்வமகள் கணக்கை அந்தப் பெண்ணே நடத்துவாள். எழுதிக்கொண்டே போனால் 1,500 தாண்டி 2,000ஐத் தொடும், ஒரு பத்தியைக்கூட எடுக்க முடியாது. ஏனென்றால் ஒவ்வொன்றும் அந்த அப்பாவின் முடிவைப் புரட்டிப் போடக்கூடியது. வட்டிப் பக்கத்தில் திணித்த பத்திகளுக்கும் இவற்றுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

எங்கே வெட்டுவது

வகை பார்த்து எழுதுவதில் உண்மையான ஆபத்து, எல்லாவற்றையும் பொடிப்பொடியாக வெட்டிவிடுவது. வட்டி விகிதம், இன்றைய வட்டி, நடப்புக் காலாண்டு வட்டி என்று மூன்று தனிப் பக்கம் போட்டால் மூன்றும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நிற்கும். இரண்டு தேடல்களுக்கு ஒரு பக்கம் போதுமா, இரண்டு வேண்டுமா என்று சந்தேகம் வந்தால் இரண்டையும் தனித்தனியாகத் தேடி முடிவுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். முதல் பத்தில் ஆறேழு பக்கங்கள் பொதுவாக இருந்தால் கூகுள் அவற்றை ஒரே கேள்வியாகத்தான் பார்க்கிறது, ஒரு பக்கம் போதும். ஒன்றிரண்டுதான் பொது என்றால் பிரிக்கலாம். நடுவில் விழுந்தால், தேடுபவர் ஒரே மூச்சில் இரண்டையும் கேட்பாரா என்று யோசித்து முடிவெடுக்க வேண்டியதுதான், அதற்குச் சூத்திரம் இல்லை.

ஏற்கெனவே வெட்டியது தவறா என்பது, உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் தெரியும். செயல்திறன் அறிக்கையில் ஒரு தேடலைச் சொடுக்கி, பக்கங்கள் என்ற தாவலுக்குப் போங்கள். அங்கே உங்கள் தளத்தின் இரண்டு முகவரிகள் ஒரு வாரம் அது, ஒரு வாரம் இது என்று மாறி மாறி வந்தால் அவற்றைச் சேர்த்துவிடலாம். எதிர்த் திசையிலும் பார்க்கலாம்: ஒரு பக்கத்தை வடிகட்டி, அது எந்தெந்தத் தேடல்களில் காட்டப்படுகிறது என்று பாருங்கள். கணக்குத் தொடங்கும் பக்கம் 'பாதியில் பணம் எடுப்பது' பற்றிய தேடல்களில் எங்கோ பின்னால் காட்டப்பட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பக்கத்தை நீட்ட வேண்டாம். அந்தக் கேள்விக்கு ஒரு தனிப் பக்கம் வேண்டும் என்று அர்த்தம்.

கூகுள் அனலிட்டிக்ஸில் ஒருவர் பக்கத்தின் 90 சதவீத ஆழத்துக்கு வந்தால் ஸ்க்ரோல் என்று பதிவாகும். ஒப்பீட்டுக் கட்டுரையில் இது மிகக் குறைவாக இருந்தால் கவலைப்படலாம். வட்டிப் பக்கத்தில் இருபது நொடியில் ஒருவர் கிளம்பிவிட்டார் என்றால் அது தோல்வி இல்லை, எண் கிடைத்துவிட்டது. ஒரே அளவுகோலால் இரண்டையும் அளந்து 'வாசகர் தங்குவதில்லை, இன்னும் நீட்டுங்கள்' என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். அவரிடம் பக்கத்தின் வகையைக் கேளுங்கள்.

வெறுமனே 'பிபிஎஃப்' என்று மட்டும் தேடுபவரை எந்த வகையிலும் அடைக்க முடியாது. அவருக்கு 1,000 சொல் அளவில் ஓர் அறிமுகப் பக்கம், ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று நான்கு வரி, மீதிக்கு இணைப்பு. இந்த ஒரு இடத்தில் மட்டும் முதல் பத்தைப் பார்த்து எதையெல்லாம் தொட வேண்டும் என்று பட்டியல் போடுவது உதவுகிறது.

சரி, சம்பளக் கணக்கு என்ன ஆவது? சொல் கணக்கை விட்டுவிட்டு வகைக்கு ஒரு தொகை வைக்கலாம். சிறு பதில், வழிமுறை, ஒப்பீடு என்று மூன்று விலை போதும். சிறு பதிலுக்குத் தனியாக, காலாண்டுக்கு ஒருமுறை சரிபார்க்கவும் ஒரு சிறு தொகை வையுங்கள், அதுதான் பலரும் மறக்கும் வேலை. எழுதுபவரிடம் கொடுக்கும் குறிப்பில் கீழ் எல்லை வேண்டாம், மேல் எல்லை மட்டும் இருக்கட்டும். 'பிபிஎஃப்பா செல்வமகளா: ஒப்பீடு, வாசகர் பத்து வயதுக்குள் பெண் குழந்தை உள்ள பெற்றோர், 18 வயதில் எவ்வளவு எடுக்கலாம், முதிர்வு எப்போது, வரம்பு தனியா சேர்த்தா, கணக்கு யார் கையில், இந்த நான்குக்கும் பதில் வேண்டும், 2,000 சொல்லைத் தாண்ட வேண்டாம்.' இவ்வளவு எழுதிக் கொடுத்தால் போதும். 1,300 சொல்லில் நான்குக்கும் பதில் வந்துவிட்டது என்றால் மீதி 700ஐக் கேட்காமல் வெளியிட்டுவிடுங்கள், தொகையையும் குறைக்காதீர்கள்.